நெல் வயலில் மணிச்சத்துக்கு கிரிட்டிக்கல் லெவல் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: சென்னையில் இருந்துகொண்டு மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கத்து நெல் வயல்களில் எம்.எஸ்சி. ஆய்வு செய்கிறேன். ஒவ்வொரு வயலிலும் மணிச்சத்து போட்ட பாத்தி, போடாத பாத்தி இரண்டும் வைத்தோம். மண்ணின் ஓல்சன் மணிச்சத்தைப் படுக்கை அச்சிலும் விளைச்சலை நிமிர்ந்த அச்சிலும் வைத்து ஸ்கேட்டர் பிளாட் போட்டால் புள்ளிகள் கன்னாபின்னாவென்று சிதறிக் கிடக்கின்றன. கோடு போட்டால் R² ஒன்றுமே இல்லை. வழிகாட்டியோ "கிரிட்டிக்கல் லெவல் எடுத்துக்கொண்டு வா" என்கிறார். மண்ணில் எந்த அளவைத் தாண்டினால் மணிச்சத்து போட்டும் பலன் இருக்காதோ, அந்த எல்லையை இந்தச் சிதறலிலிருந்து எப்படி எடுப்பது?

பதில்:

போடாத பாத்தி வைத்திருக்கிறீர்கள் என்பதால் வேலை பாதி முடிந்துவிட்டது. பலர் விவசாயியிடம் விளைச்சலைக் கேட்டு எழுதிக்கொண்டு, மண்ணையும் சோதித்து, இரண்டையும் படத்தில் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். அதிலிருந்து யாராலும் எதையும் எடுக்க முடியாது. உங்களிடம் எடுக்க வேண்டிய பொருள் இருக்கிறது. நிமிர்ந்த அச்சில்தான் தவறான எண்ணை வைத்திருக்கிறீர்கள்.

கிலோ கணக்கில் விளைச்சலை வைத்தால் சிதறத்தான் செய்யும். ஒரு வயலில் மணிச்சத்து போடாத பாத்தி எக்டேருக்கு 3100 கிலோ தருகிறது, போட்ட பாத்தி 5000 தருகிறது என்று வையுங்கள். இன்னொரு வயல் ஏரியின் கடைமடை, தண்ணீர் சரியாக எட்டாத நிலம். அங்கே போடாதது 2850, போட்டது 3000. போடாத பாத்திகளை மட்டும் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விளைச்சல். ஆனால் முதல் வயலில் பயிர் மணிச்சத்துக்கு ஏங்கிக் கிடக்கிறது, இரண்டாவதில் தண்ணீர்தான் பிரச்சினை, மணிச்சத்து இல்லை. ரகம், நடவு நாள், தண்ணீர், பூச்சி எல்லாம் வயலுக்கு வயல் மாறும். அந்த மாற்றம் அத்தனையும் உங்கள் படத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மண் பரிசோதனை எண்ணால் அதையெல்லாம் விளக்க முடியாது, விளக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அதனால் ஒவ்வொரு வயலையும் அதனோடேயே ஒப்பிடுங்கள். போடாத பாத்தியின் விளைச்சலை, மணிச்சத்து போதுமான அளவு போட்ட பாத்தியின் விளைச்சலால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் கிடைப்பது ஒப்பு விளைச்சல். மேலே சொன்ன முதல் வயலுக்கு 62, இரண்டாவதுக்கு 95. இரண்டு பாத்தியிலும் தழைச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம் எல்லாம் ஒரே மாதிரி, குறைவில்லாமல் போட்டிருக்க வேண்டும். சூப்பர் பாஸ்பேட் மட்டும்தான் வித்தியாசம். போட்ட பாத்திக்கு மட்டும் டிஏபி கொடுத்து, அதில் வரும் தழைச்சத்தை யூரியாவில் கழித்துச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் நீங்கள் அளந்தது மணிச்சத்தின் பலனை மட்டும் அல்ல. நோட்டைப் புரட்டி முதலில் இதைச் சரிபாருங்கள்.

வகுக்கும் எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. சில சோதனைகளில் மணிச்சத்தை நாலைந்து அளவுகளில் போட்டிருப்பார்கள். அவற்றில் எந்தப் பாத்தி அதிகம் தந்ததோ அதை 100 என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக உண்டு. வயலில் எந்த அளவீட்டிலும் ஏற்ற இறக்கம் இருக்கும். ஐந்து பாத்தியில் உச்சமானதைப் பொறுக்கினால் சத்தோடு சேர்த்து அதிர்ஷ்டத்தையும் பொறுக்கியதாகிவிடும். வகுக்கும் எண் உப்பிப்போய், ஒப்பு விளைச்சல் உண்மையைவிடக் குறைவாக வரும். மண்ணில் மணிச்சத்து நிறைய இருக்கும் வயல்கூட 90 காட்டும். விளைச்சல் ஏறுவது நின்ற பிறகு உள்ள அளவுகள் எல்லாவற்றின் சராசரியை எடுத்து வகுப்பதே நியாயம். உங்களிடம் போட்ட பாத்தி ஒரே அளவுதான் என்றால், அதே அளவைத் திரும்ப வைத்த பாத்திகளின், அதாவது மறுதடங்களின், சராசரி போதும். அப்போது சில வயல்களில் 102, 103 என்று வரும். அதை 100 என்று வெட்டிவிடாதீர்கள். வெட்டினால் மேல்பக்கத்துப் பிழை மட்டும் மறைந்து, கீழ்பக்கத்துப் பிழை அப்படியே நிற்கும்.

இனி கோட்டுக்கு வருவோம். ஒப்பு விளைச்சலை வைத்து வரைந்தாலும் நேர்கோடு சரியாகப் பொருந்தாது, பொருந்தவும் கூடாது. மண்ணில் மணிச்சத்து குறைவாக இருக்கும் பக்கம் விளைச்சல் வேகமாக ஏறும். ஓரளவுக்கு மேல் ஏறாமல் தட்டையாகிவிடும். காய்கறித் தோட்டமாக இருந்து மாறிய, 60 பிபிஎம் காட்டும் ஒரு வயல் உங்கள் தொகுப்பில் இருந்தால், அது ஒன்றே நேர்கோட்டைத் தன் பக்கம் சாய்த்துவிடும். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேட், நெல்சன் இருவரும் 1965-ல் எளிய வழி ஒன்றைச் சொன்னார்கள். கோடு பொருத்துவதையே விட்டுவிட்டு, "இந்த வயல் உரத்துக்குப் பதில் சொல்லுமா, சொல்லாதா" என்ற ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒளி ஊடுருவும் தாளில் ஒரு சிலுவைக் கோடு வரைந்து சிதறல் படத்தின் மேல் வைத்து நகர்த்துவது அவர்கள் முறை. இடது கீழ்க் கட்டத்திலும் வலது மேல் கட்டத்திலும் எத்தனை புள்ளிகளை அடைக்க முடியுமோ அத்தனையும் அடைபடும் இடத்தில் நிறுத்த வேண்டும். நிமிர்ந்த கோடு படுக்கை அச்சைத் தொடும் இடம்தான் கிரிட்டிக்கல் லெவல்.

இதைக் கணினி இல்லாமல் ஒருமுறையாவது கையால் செய்து பாருங்கள் என்பேன். ஓஎச்பி ஷீட் இப்போதும் ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கிறது. தாளை நகர்த்தும்போதுதான் எந்தப் புள்ளி எந்தக் கட்டத்துக்குத் தாவுகிறது, எங்கே கோடு உறுதியாக நிற்கிறது, எங்கே வழுக்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஆய்வேட்டில் எழுதுவதற்கு, அதே இருவர் 1971-ல் வெளியிட்ட கணக்கு முறை இருக்கிறது. புள்ளிகளை மண் எண் வரிசையில் அடுக்கி, ஒவ்வோர் இடைவெளியிலும் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இடது கூட்டத்துக்கு ஒரு சராசரி, வலது கூட்டத்துக்கு ஒரு சராசரி. எந்த இடத்தில் பிரித்தால் இரண்டு கூட்டங்களுக்குள்ளும் மிஞ்சும் சிதறல் மிகக் குறைவாகிறதோ, அதுதான் பிரிக்கும் இடம்.

உங்கள் எண்கள் என்னிடம் இல்லாததால், கணக்குக் காட்டுவதற்காக நானே 14 வயல்களை அமைத்திருக்கிறேன். இவை எந்த ஊர் வயலின் முடிவும் அல்ல, யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம். x என்பது ஓல்சன் மணிச்சத்து, பிபிஎம் கணக்கில். y என்பது ஒப்பு விளைச்சல். ஆர் மென்பொருளில் எந்தக் கூடுதல் தொகுப்பும் இல்லாமல் இப்படி ஓடும்:

```r
x <- c(3.2,4.1,4.8,5.5,6.3,7.0,7.9,
       8.8,10.1,11.6,13.0,15.4,18.2,22.5)
y <- c(62,65,93,68,80,74,90,
       88,95,96,78,97,95,99)
n <- length(x)
tss <- sum((y - mean(y))^2)
r2 <- sapply(2:(n-2), function(k) {
  a <- y[1:k]; b <- y[(k+1):n]
  1 - (sum((a-mean(a))^2) + sum((b-mean(b))^2))/tss
})
k <- which.max(r2) + 1
c((x[k] + x[k+1])/2, max(r2))
```

விடை 7.45 பிபிஎம், R² 0.55. அதாவது 7.0-க்கும் 7.9-க்கும் நடுவே பிரிகிறது. இடது பக்கத்து ஆறு வயல்களின் சராசரி ஒப்பு விளைச்சல் ஏறத்தாழ 74, வலது பக்கத்து எட்டு வயல்களின் சராசரி 92. இதே புள்ளிகளுக்கு நேர்கோடு பொருத்தினால் R² 0.49 வரும். பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். R²-ஐ உயர்த்திக் காட்டுவது இதன் நோக்கமும் அல்ல. நேர்கோடு ஒரு சாய்வைத் தரும், எங்கே நிறுத்துவது என்று சொல்லாது. இந்த முறை நிறுத்த வேண்டிய இடத்தைச் சொல்கிறது.

இப்போது கட்டங்களைப் பாருங்கள். நிமிர்ந்த கோட்டை 7.45-லும் படுக்கைக் கோட்டை 85-லும் வைத்தால், 14 வயல்களில் 12 சரியான கட்டத்தில் விழுகின்றன. இரண்டு மட்டும் தப்பான கட்டத்தில். ஒன்று 4.8 பிபிஎம்மில் 93 காட்டும் வயல், இடது மேலே இருக்கிறது. மற்றது 13 பிபிஎம்மில் 78 காட்டும் வயல், வலது கீழே இருக்கிறது. என் அனுபவத்தில் இந்த முறையின் பலன் கோட்டைவிட இந்த இரண்டு கட்டங்களில்தான் அதிகம். ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் இவற்றை அழித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

இடது மேல் கட்டத்தில் ஒரு வயல் வந்தால், மண்ணில் மணிச்சத்து இல்லை, ஆனாலும் போட்டதற்குப் பலன் இல்லை என்று பொருள். இதற்கு அடிக்கடி காணும் காரணம், வேறு ஏதோ ஒன்று பயிரை முன்பே பிடித்து நிறுத்திவிட்டது. அந்த வயலின் போட்ட பாத்தி எத்தனை கிலோ தந்தது என்று பாருங்கள். மற்ற வயல்கள் 5000 பக்கம் தர, இது 3000-தான் தந்தது, போடாதது 2790 தந்தது என்றால் விடை அங்கேயே இருக்கிறது. புகையான் தின்ற வயலிலும், பூக்கும் பருவத்தில் தண்ணீர் நின்றுபோன வயலிலும் மணிச்சத்தின் பலனை அளக்க முடியாது. அங்கே 93 என்பது மண்ணைப் பற்றிய செய்தியே அல்ல.

வலது கீழ்க் கட்டம் இதைவிடச் சங்கடமானது. மண்ணில் போதிய மணிச்சத்து இருப்பதாகச் சோதனை சொல்கிறது, போட்டதும் விளைச்சல் ஏறுகிறது. மாதிரி எடுத்த இடம் வரப்போரமோ எருக்குழி இருந்த இடமோ என்றால் எண் பொய்யாக உயர்ந்திருக்கும். மறுதடம் இல்லாமல் ஒரே ஒரு போடாத பாத்தி, அதுவும் மேட்டு மூலையில் அமைந்திருந்தாலும் இப்படி வரும். நம் பக்கத்துச் செம்மண்ணில் கார அமில நிலை 6-க்குக் கீழே இருக்கும் வயலாக இருந்தால், ஓல்சன் சோதனையே அந்த மண்ணுக்குச் சரியான கருவியா என்று யோசிக்க வேண்டும். அது சுண்ணாம்புச் சத்துள்ள, காரப்பக்கம் சாய்ந்த மண்ணுக்காக 1954-ல் உருவானது. அமில மண்ணுக்கு பிரே சோதனைதான் வழக்கம். இரண்டு சோதனைகளும் தரும் எண்கள் வேறு, கிரிட்டிக்கல் லெவலும் வேறு. இரண்டையும் ஒரே படத்தில் கலந்துவிடாதீர்கள்.

விலக்கலாமா கூடாதா என்பதற்கு நான் வைத்திருக்கும் விதி இதுதான்: காரணம் வயல் நோட்டிலிருந்து வர வேண்டும், படத்திலிருந்து வரக்கூடாது. 4.8 வயலில் புகையான் தாக்கியதாக அறுவடைக்கு முன்பே எழுதி வைத்திருந்தால் விலக்கலாம். 13 பிபிஎம் வயலுக்கு அப்படி எந்தக் குறிப்பும் இல்லை என்றால் அது எவ்வளவு உறுத்தினாலும் உள்ளேயே இருக்கட்டும்.

4.8 வயலை விலக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தால் R² 0.55-லிருந்து 0.74-க்குத் தாவுகிறது. கிரிட்டிக்கல் லெவலோ அதே 7.45-ல்தான் நிற்கிறது. R² உயர்ந்ததும் மனசு நிறைந்து அங்கேயே நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தாமல் ஒரு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு வயலாக ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, மீதியை வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். அப்போதுதான் அந்தப் புகையான் வயல் என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியும்.

14 வயலும் உள்ளே இருக்கும்போது, யாரும் சந்தேகப்படாத 7.0 பிபிஎம் வயலை எடுத்துவிட்டால் கிரிட்டிக்கல் லெவல் 7.45-லிருந்து 4.45-க்குச் சரிகிறது. 5.5 பிபிஎம் வயலை எடுத்தாலும் அதே 4.45. மற்ற எதை எடுத்தாலும் 7.45, அல்லது 7.9. அதாவது முதலில் கிடைத்த 7.45 இரண்டு வயல்களின் தயவில் நின்ற எண். 4.8-ல் இருந்த அந்த 93 இடது கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து, அதற்கு முன்பே பிரித்துவிடச் சொல்லி இழுத்துக்கொண்டிருந்தது. அந்த வயலை நியாயமான காரணத்தோடு விலக்கிவிட்டு இதே சோதனையைச் செய்தால், 7.0 வயலை எடுக்கும்போது 5.9 வருகிறது, 7.9 வயலை எடுக்கும்போது 7.9 வருகிறது, மற்ற எல்லாமே 7.45. இப்போது தைரியமாக எழுதலாம்: கிரிட்டிக்கல் லெவல் 6-க்கும் 8-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. 13 வயல்களை வைத்துக்கொண்டு "7.45" என்று இரண்டு தசம இடத்துக்கு எழுதுவது அளந்ததைவிட அதிகம் சொல்வதாகும்.

படுக்கைக் கோட்டைப் பற்றியும் கேட்பார்கள், வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள். ஏன் 85, ஏன் 90 இல்லை? 1971 கணக்கு அந்தக் கோட்டை வெளியிலிருந்து கேட்பதில்லை. கையால் செய்யும் 1965 முறையில் நீங்களே வைக்கலாம். நம் எடுத்துக்காட்டின் 14 வயல்களில் கோட்டை 90-க்கு உயர்த்தினால் 8.8 பிபிஎம்மில் 88 காட்டும் வயல் கீழே இறங்கிவிடும். அப்போது நிமிர்ந்த கோட்டை 7.45-ல் வைத்தாலும் 11 வயல்கள் சரி, 8.8-க்கும் 10.1-க்கும் நடுவே வைத்தாலும் 11 சரி. எது சரி என்று தாள் சொல்லாது. வளைகோடு பொருத்தி, உச்ச விளைச்சலில் 95 சதவீதம் எட்டும் இடத்தை எடுப்பவர்களுக்குப் பொதுவாக இதைவிட உயர்ந்த எண் வரும். யாரும் பொய் சொல்லவில்லை. எந்த முறை, எந்தப் படுக்கைக் கோடு என்று சொல்லாமல் கிரிட்டிக்கல் லெவலைச் சொன்னால் அதற்கு அர்த்தம் பாதிதான்.

எந்தக் கோட்டை வைப்பது என்பதில் விவசாயியின் கணக்கும் இருக்கிறது. இடது மேல் கட்டத்துப் பிழையில் வீணாவது சில மூட்டை சூப்பர் பாஸ்பேட். அதிலும் ஒரு பங்கு மண்ணிலேயே தங்கி அடுத்த போகத்துக்கு உதவும். வலது கீழ்க் கட்டத்துப் பிழையில், "உங்கள் மண்ணில் போதும், போட வேண்டாம்" என்று அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு, 5000 கிலோ வர வேண்டிய இடத்தில் 3900 வந்தால் எக்டேருக்கு 1100 கிலோ நெல் போனது போனதுதான். இரண்டும் சமமான பிழை இல்லை. அதனால் 6 முதல் 8 என்று ஓர் இடைவெளி வந்தால், பரிந்துரைக்கு நான் 8 பக்கம்தான் நிற்பேன்.

இப்போது உங்கள் மண்வள அட்டைக்கு வாருங்கள். அங்கே பிபிஎம் இருக்காது, எக்டேருக்குக் கிலோ இருக்கும். மேல் மண் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எடையை வைத்து, பிபிஎம்மை 2.24 ஆல் பெருக்கினால் கிலோ வரும். தமிழ்நாட்டில் மணிச்சத்துக்கு 11 கிலோவுக்குக் கீழே குறைவு, 11 முதல் 22 நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று பிரிப்பது வழக்கம். 2.24 ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 5 பிபிஎம், 10 பிபிஎம் என்று வரும். நம் எடுத்துக்காட்டின் 6 முதல் 8 பிபிஎம் என்பது 13 முதல் 18 கிலோ. அதாவது நடுத்தரம் என்ற வகுப்பின் நடுவிலேயே வெட்டுகிறது. உங்கள் உண்மையான எண்களிலும் இப்படி வந்தால் அது எழுதத் தகுந்த முடிவு. நடுத்தரம் என்று அச்சடித்த அட்டை வைத்திருப்பவர்களில் ஒரு பகுதி உரத்துக்குப் பலன் காணுபவர்கள், மறு பகுதி காணாதவர்கள், அட்டை இருவரையும் ஒரே வரியில் நிறுத்துகிறது என்று பொருள். மாற்றும்போது ஒரு எச்சரிக்கை: சில ஆய்வகங்கள் மணிச்சத்தைத் தனிமமாக எழுதும், சில பாஸ்பரஸ் பென்டாக்சைடாக எழுதும். இரண்டாவது 2.29 மடங்கு பெரியது. படத்தின் வலது பக்கம் ஒரு தனிக் கூட்டம் தெரிந்தால் முதலில் ஆய்வகச் சீட்டைப் பாருங்கள்.

சென்னைக்காரர் என்பதால் இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். ஓல்சன் சோதனை வெப்பத்துக்கு ரோஷக்காரி. சோடியம் பைகார்பனேட் கரைசலில் அரைமணி நேரம் குலுக்கும்போது அறை வெப்பம் ஒரு டிகிரி கூடினால், 20 முதல் 30 டிகிரி வரையுள்ள எல்லையில், கிடைக்கும் மணிச்சத்து ஏறத்தாழ 0.4 பிபிஎம் கூடும் என்பது அந்தச் சோதனையை உருவாக்கியவர்களே கண்ட விஷயம். அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போன மதியம் குலுக்கிய மாதிரிக்கும், மார்கழியில் குலுக்கிய மாதிரிக்கும் ஐந்து டிகிரி வித்தியாசம் சாதாரணம். அது 2 பிபிஎம். நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் 6-க்கும் 8-க்கும் உள்ள தூரமும் அதே 2 பிபிஎம்தான். எல்லா மாதிரிகளையும் ஒரே நாளில், ஏசி போட்ட அறையில், மணிச்சத்து அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு மண்ணை ஒவ்வொரு தொகுதியோடும் சேர்த்துக் குலுக்குங்கள். கரைசலையும் அன்றன்று தயாரியுங்கள். திறந்து வைத்த கரைசலின் கார நிலை 8.5-ஐத் தாண்டிப் போகும், எண்களும் கூடவே நகரும்.

நெல்லுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. மாதிரி மண்ணை நிழலில் உலர்த்தி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துச் சோதிக்கிறீர்கள். பயிரோ சேற்றில் நிற்கிறது. தண்ணீர் கட்டியதும் மண்ணில் காற்று போய், இரும்போடு கட்டுண்டிருந்த மணிச்சத்தில் ஒரு பகுதி கரைந்து வெளியே வரும். உலர்ந்த மண்ணில் அளந்த எண் அதைக் காட்டாது. அதனால்தான் அதே மண்ணில் வேர்க்கடலையோ மக்காச்சோளமோ பலன் காட்டும் இடத்தில் சேற்று நெல் சும்மா இருப்பதைப் பார்க்கலாம். உங்கள் பக்கத்தில் புழுதியில் விதைத்துப் பிறகு தண்ணீர் கட்டும் வயல்களும் உண்டு, சேறடித்து நட்ட வயல்களும் உண்டு. புழுதி விதைப்பில் முதல் வாரங்களில், வேர் சிறியதாக இருக்கும் நேரத்தில், தண்ணீர் கட்டிய மண்ணின் அந்த உதவி பயிருக்குக் கிடைப்பதில்லை. இரண்டையும் ஒரே படத்தில் கலந்தால் இரண்டு வேறு கிரிட்டிக்கல் லெவல்களின் நடுவே யாருக்கும் பொருந்தாத ஒரு கோடு விழும். சொர்ணவாரி, சம்பா, நவரை மூன்று பருவத்தையும் ஒரே நிறத்தில் போடாமல், பருவத்துக்கு ஒரு நிறம், நடவு முறைக்கு ஒரு வடிவம் என்று புள்ளிகளைப் பிரித்துக் காட்டுங்கள். ஒரு நிறம் மட்டும் ஒரே பக்கம் ஒதுங்கினால் கண்ணே சொல்லிவிடும்.

பாத்திகளுக்கு நடுவே வரப்பு எப்படி இருந்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். போட்ட பாத்தியிலிருந்து போடாத பாத்திக்குத் தண்ணீர் வழிந்திருந்தால் சூப்பர் பாஸ்பேட்டும் கூடவே போயிருக்கும், ஒப்பு விளைச்சல் எல்லாமே உயர்ந்து காட்டும். கிரிட்டிக்கல் லெவல் உண்மையைவிடக் கீழே இறங்கும். ஒவ்வொரு பாத்திக்கும் தனி மடை இல்லாத வயல்கள் எவை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோடு எவ்வளவு போடுவது என்று சொல்லாது. போட்டால் பலன் உண்டா என்பதோடு அது நின்றுவிடும். 4 பிபிஎம் வயலுக்கும் 7 பிபிஎம் வயலுக்கும் ஒரே அளவு தேவையா என்பதற்கு, கோட்டுக்கு இடது பக்கம் விழும் வயல்களில் மட்டும் பல அளவுகள் வைத்த தனிச் சோதனை வேண்டும். இலக்கு விளைச்சலுக்கு இத்தனை கிலோ என்று கணக்கிடும் வழி வேறு. 1967-68 முதல் நாடு முழுக்க நடந்துவரும் மண் பரிசோதனை பயிர் விளைச்சல் திட்டம் அந்தப் பாதையில் போகிறது, கோயம்புத்தூரிலும் அதன் மையம் இருக்கிறது. உங்கள் தரவில் போட்ட பாத்தி ஒரே அளவுதான் என்பதால் அந்தச் சமன்பாட்டை இதிலிருந்து கட்ட முயல வேண்டாம். வழிகாட்டி கேட்டதும் அதை அல்ல.

இன்னொரு பருவம் செய்ய வாய்ப்பு இருந்தால் வயல்களை இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். பல வருஷம் டிஏபி கொட்டிய வயல்களில் எண் உயர்ந்துதான் வரும், அதனால் படத்தின் வலது பக்கம் தானாகவே நெரிசலாகிவிடும். 15 பிபிஎம்முக்கு மேல் இன்னும் பத்து வயல் சேர்த்தாலும் கோடு ஒரு நூல்கூட நகராது. முதலில் நிறைய மாதிரிகளை மட்டும் எடுத்துச் சோதித்து, முன் கணக்கில் கோடு தடுமாறிய இடத்தில், நம் எடுத்துக்காட்டில் 5 முதல் 9 பிபிஎம் வரை, விழும் வயல்களாகப் பொறுக்கி அங்கே மட்டும் பாத்தி போடுங்கள். 4 பிபிஎம்முக்குக் கீழே இரண்டு மூன்று வயல் கிடைத்தால் இடது பக்கத்துச் சராசரியும் உறுதிப்படும். ஒவ்வொரு வயலிலும் மூன்று மறுதடம் வையுங்கள், மாதிரியை உரம் போடுவதற்கு முன்பே எடுங்கள்.